மீட்புப் படிவத்தில் எதை எழுதினால் கணக்கு திரும்பக் கிடைக்கும்?

என் மாமா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய அவுட்லுக் மின்னஞ்சலில்தான் ஓய்வூதியக் கடிதங்கள், வீட்டு வரி ரசீது, பேரனின் படங்கள் எல்லாம் இருந்தன. ஒரு நாள் பாஸ்வேர்டை மாற்றினார். இரண்டு வாரத்தில் புதிய பாஸ்வேர்டு மறந்துவிட்டது. கணக்கோடு இணைத்திருந்த செல்பேசி எண்ணோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டு என்றோ கைவிட்டுப் போன பழைய சிம். ஓடிபி வர வழியே இல்லை. மிஞ்சியது மைக்ரோசாப்டின் மீட்புப் படிவம் ஒன்றுதான்.

முதல் முறை அவரே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நிரப்பி அனுப்பினார். மறுநாள் மறுப்பு வந்தது. "எல்லாம் உண்மையைத்தான் எழுதினேன் மாப்ளே, அப்புறம் ஏன் ஒத்துக்க மாட்டேங்குறான்?" என்று கேட்டார். அவர் எழுதியதைப் பார்த்தேன். யாருக்கு அடிக்கடி மின்னஞ்சல் அனுப்புவீர்கள் என்ற கேள்விக்குத் தம்பியின் பெயரையும் பேரனின் பெயரையும் எழுதியிருந்தார். அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்பு என்ன என்ற இடத்தில் "ஓய்வூதியம் பற்றிய கடிதம்" என்று எழுதியிருந்தார். இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டாலும் பயன் இல்லை.

இந்தப் படிவத்தைப் படிப்பவர் நம் கதையைக் கேட்டு மனம் இரங்கும் அதிகாரி இல்லை. நாம் எழுதும் ஒவ்வொரு பதிலும் அந்தக் கணக்கைப் பற்றி அவர்களிடம் இருக்கும் பதிவோடு ஒப்பிடப்படுகிறது. அதனால் வாழ்க்கையில் எது உண்மையோ அதை எழுதக் கூடாது. கணக்கில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். அந்தப் பதிவை நாம் உள்ளே போய்ப் பார்க்க முடியாதுதான். ஆனால் அதன் நகல்கள் வெளியே பல இடங்களில் கிடக்கின்றன: நாம் யாருக்கு எழுதினோமோ அவர்களுடைய இன்பாக்ஸில், பழைய மடிக்கணினியில், பிரவுசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளில். அவற்றைத் தேடி எடுப்பதுதான் இதில் பெரிய வேலை. நிரப்புவதற்கு அரை மணி நேரம் போதும். தேடுவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

தொடங்குவதற்கு முன்

மைக்ரோசாப்ட் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் இந்தப் படிவம் வேலை செய்யாது. இணைத்த எண், மாற்று மின்னஞ்சல், அப்போது எடுத்து வைத்த மீட்புக் குறியீடு ஆகியவற்றில் ஏதாவது கையில் இருந்தால்தான் உண்டு. அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கு என்றால் அங்குள்ள நிர்வாகிதான் பாஸ்வேர்டை மாற்றித் தர முடியும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் விட்ட கணக்கு மூடப்பட்டே போயிருக்கலாம். மைக்ரோசாப்டிலும் கூகுளிலும் இந்த விதி உண்டு. இவற்றில் எதிலும் நீங்கள் மாட்டவில்லை என்றால் மேலே படியுங்கள்.

எந்த இடத்தில், எந்தக் கருவியில் உட்கார்ந்து நிரப்புகிறீர்கள் என்பதும் ஒரு பதில்தான். நீங்கள் வழக்கமாக அந்தக் கணக்கைத் திறந்த அதே மடிக்கணினி அல்லது செல்பேசி, அதே பிரவுசர், அதே வீட்டு இணைய இணைப்பு. விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள். மாமா முதல் முறை நிரப்பியது என் தங்கை வீட்டில், அவளுடைய புதிய மடிக்கணினியில். அந்தக் கணக்கு அதுவரை ஒரு முறைகூடத் திறக்கப்படாத கருவி, ஊரும் வேறு. இரண்டாம் முறை அவர் வீட்டுக்கே போய், பரணில் இருந்த பழைய மடிக்கணினியை இறக்கித் தூசி தட்டி, சார்ஜ் போட்டு, அதில் நிரப்பினோம்.

கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும். அல்லது உரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பிலும் யூடியூப் கருத்துகளிலும் "கணக்கை மீட்டுத் தருகிறேன்" என்று எண் கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். உங்கள் பழைய பாஸ்வேர்டுகளும் பிறந்த தேதியும் அவர்கள் கைக்குப் போய்விடும். இந்தப் படிவத்தைத் தாண்டிக் கணக்கைத் திறந்து கொடுக்கும் அதிகாரம் மைக்ரோசாப்டின் வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கே கிடையாது. வெளியாள் ஒருவருக்கு எங்கிருந்து வரும்?

மைக்ரோசாப்ட் படிவத்தின் முகவரி இதுதான். முகவரிப் பட்டையில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடாதீர்கள்.

```
https://account.live.com/acsr
```

ஜிமெயிலுக்கு இது:

```
https://g.co/recover
```

மைக்ரோசாப்ட் முதலில் இரண்டு மின்னஞ்சல்களைக் கேட்கும். ஒன்று, மீட்க வேண்டிய முகவரி. இன்னொன்று, இப்போது உங்களால் திறக்க முடிகிற வேறு ஒரு முகவரி. வீட்டில் ஒருவருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு ஒரு குறியீடு வரும், அதை இட்ட பிறகுதான் கேள்விகள் தொடங்கும். முடிவும் அந்த முகவரிக்கே வரும். ஆகவே அது நம்பிக்கையானவரின் முகவரியாக இருக்கட்டும்.

பெயரும் பிறந்த தேதியும்

சுலபமாகத் தெரிகிற இந்த இரண்டில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறோம்.

நமக்கு முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். கணக்குத் தொடங்கிய அன்று எதை எங்கே போட்டோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. முதலெழுத்தை முன்னால் போட்டோமா, பின்னால் போட்டோமா? அப்பா பெயரை முழுதாக எழுதினோமா? நல்லவேளையாக, இதற்கு விடை நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிய ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அவர்கள் கணினியில், ஜிமெயிலில் உங்கள் பழைய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, மூன்று புள்ளி பட்டனில் `Show original` என்பதைத் தட்டினால் இப்படி ஒரு வரி வரும்:

```
From: S Murugesan <...@outlook.com>
```

அவர்கள் தங்கள் செல்பேசியில் உங்களை "பெரியப்பா" என்று சேமித்திருந்தாலும் இந்த வரியில் நீங்கள் வைத்த பெயர்தான் இருக்கும். பெரும்பாலும் கணக்கில் உள்ள முதல் பெயரும் கடைசிப் பெயரும் அதே வரிசையில் இங்கே தெரியும். மேலே காட்டிய வரியில் முதல் பெயர் `S`, கடைசிப் பெயர் `Murugesan`. மாமாவும் இப்படித்தான் முதலெழுத்தை முதல் கட்டத்தில் போட்டிருந்தார். முதல் முறை படிவத்தில் தலைகீழாக எழுதியிருந்தார்.

பிறந்த தேதியும் அப்படித்தான். மாமாவுக்கு இரண்டு தேதி. ஒன்று பாட்டி சொன்ன உண்மையான தேதி, மற்றது பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய ஜூன் மாதத் தேதி. சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் இருப்பது ஜூன் தேதிதான். கணக்கைத் தொடங்கியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கணினிக் கடைப் பையன் செய்து கொடுத்தான் என்றார். கடைக்காரன் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் அடித்திருப்பான். ஜூன் தேதியைப் போட்டோம். வயது போதாமல் ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கிய பிள்ளைகளும் இதே போல அன்று போட்ட பொய்யைத்தான் இன்று எழுத வேண்டும். மாநிலம், அஞ்சல் குறியீடு கேட்டாலும் இன்றைய முகவரியை எழுதாமல் அன்று குடியிருந்த ஊருடையதை எழுதுங்கள்.

கடைசி பாஸ்வேர்டு

"மறந்ததால்தானே வந்தேன், மறுபடி அதையே கேட்டால் எப்படி?" என்று தோன்றும். அவர்கள் கேட்பது இப்போது வேலை செய்கிற பாஸ்வேர்டை இல்லை. இதற்கு முன் இந்தக் கணக்கில் எதையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்பதைத்தான். பழையது ஒன்று சரியாக இருந்தாலும் அது ஆதாரம். எவ்வளவு சமீபத்தியதோ அவ்வளவு நல்லது. யாராவது கணக்கைத் திருடி பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், மாற்றுவதற்கு முன் நீங்கள் வைத்திருந்ததுதான் உங்களுக்குக் கடைசி.

நினைவிலிருந்து எழுதுவதற்கு முன் கருவிகளில் தேடுங்கள். கணினியில் குரோமின் முகவரிப் பட்டையில் இதை அடித்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் வரும்:

```
chrome://password-manager/passwords
```

ஃபயர்ஃபாக்ஸில்:

```
about:logins
```

கணினியின் பின் அல்லது பாஸ்வேர்டு கேட்கலாம். கொடுத்தால் எழுத்துகள் தெரியும். வீட்டில் உள்ள எல்லாப் பழைய கருவிகளிலும் பாருங்கள், மூலையில் கிடக்கும் உடைந்த திரை செல்பேசி உட்பட. ஃபயர்ஃபாக்ஸில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் கீழே அது எப்போது சேமிக்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற தேதிகள் இருக்கும். மாமாவின் பழைய மடிக்கணினியில் இருந்தது ஃபயர்ஃபாக்ஸ். அவர் இரண்டு வாரம் முன் மாற்றிய புதிய பாஸ்வேர்டு அதில் இல்லை, அதற்கு முந்தையது இருந்தது. அவர் நினைவில் வைத்திருந்ததற்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்: ஊர்ப் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்து. முதல் படிவத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். பாஸ்வேர்டில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் முழு வித்தியாசம். கிட்டத்தட்ட சரி என்று ஒன்று கிடையாது.

எங்கும் சேமிக்கவில்லை என்றால், நீங்கள் பாஸ்வேர்டு அமைக்கும் பழக்கத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெயர், ஆண்டு, ஒரு குறி என்று வைப்பவரா? குறி `@` எங்கே வரும்? ஆண்டு இரண்டு இலக்கமா, நான்கா? மற்ற தளங்களில் அதே காலத்தில் வைத்த பாஸ்வேர்டுகள் சேமிப்பில் இருந்தால் அந்தப் பழக்கம் தெரிந்துவிடும். மைக்ரோசாப்ட் படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பழைய பாஸ்வேர்டுகளை எழுத இடம் உண்டு, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜிமெயில் ஒன்றைக் கேட்கும். அதில் நினைவுக்கு வருவதில் மிகச் சமீபத்தியதைப் போடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டாலும் காலியாக விட்டுத் தாண்டாதீர்கள். தவறான ஊகத்துக்காக உங்களை வெளியே தள்ளிவிட மாட்டார்கள் என்று இரண்டு நிறுவனங்களுமே சொல்லியிருக்கின்றன.

யாருக்கு எழுதினீர்கள், என்ன தலைப்பில்

மைக்ரோசாப்ட் படிவத்தின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். சமீபத்தில் நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியவர்களின் முகவரிகளையும், அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகளையும் கேட்கும். உங்களுக்கு வந்தவை கணக்கில்லை, நீங்கள் அனுப்பியவைதான் கணக்கு. வங்கியும் கடைகளும் அனுப்பும் விளம்பர முகவரிகள் எல்லோருடைய இன்பாக்ஸிலும் இருப்பவை. அவற்றை எழுதி நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்ட முடியாது.

மாமாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடந்த சில மாதங்களில் யார் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினீர்கள் என்று எழுதச் சொன்னேன். ஏழு பேர் வந்தார்கள். தம்பி, பேரன், பழைய தலைமையாசிரியர், ஓய்வூதியர் சங்கச் செயலாளர், வீட்டு வாடகைக்கு இருப்பவர், கணக்குத் தணிக்கை பார்ப்பவர், மருமகள். ஒவ்வொருவரையும் செல்பேசியில் அழைத்துப் பேசினோம். எழுத்தில் கேட்கவில்லை, குரலில்தான் கேட்டோம். காரணம் இருக்கிறது. "என் மின்னஞ்சல் போய்விட்டது, கொஞ்சம் உதவி செய்" என்று எழுத்தில் வரும் செய்தியை இன்று யாரும் நம்பக் கூடாது, நம்பாததுதான் சரி. குரல் கேட்டால் சந்தேகம் வராது. நீங்களும் அவர்களிடம் கேட்பது முகவரியும் தலைப்பும் மட்டுமாக இருக்கட்டும். அவர்களுக்கு வரும் எந்த ஓடிபியையும் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையே இல்லை.

அவர்களிடம் கேட்டது இரண்டு. முதலாவது, மாமா எந்த முகவரிக்கு அனுப்பினார்? பலருக்கு இரண்டு மூன்று முகவரிகள் இருக்கும். பேரனிடம் கல்லூரி முகவரி ஒன்று, சொந்த ஜிமெயில் ஒன்று. மாமா அனுப்பியது எல்லாம் ஜிமெயிலுக்கு. முதல் படிவத்தில் பெயரை மட்டும் எழுதியதால் எதுவுமே பொருந்தியிருக்காது. மின்னஞ்சலைத் திறந்து `to me` பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் முழு முகவரி தெரியும். அதை வாயால் சொல்லச் சொல்லாமல் நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புள்ளி எங்கே, அடிக்கோடு எங்கே, எண் எது என்பதில் வாய்மொழி ஏமாற்றிவிடும்.

இரண்டாவது, தலைப்பு. அவர்களுடைய ஜிமெயில் தேடல் பெட்டியில் இப்படி அடிக்கச் சொன்னோம், புள்ளிகள் உள்ள இடத்தில் மாமாவின் முகவரியை வைத்து:

```
from:...@outlook.com
```

வந்த பட்டியலில் கடைசி மூன்று நான்கு மின்னஞ்சல்களின் தலைப்பை அப்படியே நகலெடுத்து அனுப்பினார்கள். "ஓய்வூதியம் பற்றிய கடிதம்" என்று மாமா நினைத்திருந்ததன் உண்மையான தலைப்பு `Fwd: pension revison letter copy`. `revision` என்பதில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே எழுதினோம். பேரனுக்கு அனுப்பியதன் தலைப்பு தமிழில், "பொங்கல் படங்கள்" என்று இருந்தது. அதையும் தமிழிலேயே ஒட்டினோம். தலைப்பில் பிழை இருந்தால் பிழையோடு எழுதுங்கள், `Re:`, `Fwd:` இருந்தால் அவற்றோடு எழுதுங்கள். தலைப்பே போடாமல் அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள், தலைப்பு உள்ள ஒன்று கிடைக்கும் வரை இன்னும் நாலு பேரைக் கேட்க வேண்டியிருக்கும்.

ஏழு பேரில் ஐந்து பேர்தான் அன்று அகப்பட்டார்கள். ஐந்து முகவரி, ஒன்பது தலைப்பு. படிவத்துக்கு அது தாராளம்.

கணக்கு எப்போது தொடங்கியது?

ஜிமெயில் மீட்பில் சிலருக்கு இந்தக் கேள்வி வரும்: கணக்கு தொடங்கிய மாதம், ஆண்டு. எல்லோருக்கும் எல்லாக் கேள்வியும் வராது. ஒவ்வொன்றாகத் திரையில் வரும், ஊகிக்கவே முடியாததற்கு `Try another way` என்று தாண்டினால் அடுத்தது வரும்.

தேதியை நேராக நினைவுபடுத்த முயன்றால் தோல்விதான். இரண்டு பக்கமும் எல்லை கட்டி நெருக்குவதுதான் வழி. எதற்கு முன் இருக்க முடியாது, எதற்குப் பின் இருக்க முடியாது என்று.

முதலில் சேவையே எப்போது வந்தது என்று பாருங்கள். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தது. 2007 பிப்ரவரி வரை யாராவது அழைப்பு அனுப்பினால்தான் சேர முடியும். அந்தக் காலத்தில் சேர்ந்தவர் என்றால் அழைப்பு அனுப்பிய நண்பரைக் கேளுங்கள், அவரிடம் அந்த மின்னஞ்சல் இன்னும் இருக்கலாம். `@outlook.com` என்ற முகவரி 2012 ஜூலை 31க்கு முன் இருந்திருக்க முடியாது. அதற்கு முன்னால் உள்ளவை ஹாட்மெயில், லைவ் போன்ற முகவரிகள்.

என் தங்கையின் ஜிமெயிலை இப்படித்தான் பிடித்தோம். அவளிடம் 2011 ஜூன் மாதக் கல்லூரி விண்ணப்பத்தின் நகல் இருந்தது. அதில் அவள் எழுதியிருந்தது அப்பாவின் மின்னஞ்சல். சொந்தமாக ஒன்று இருந்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பாள். ஆக ஜூனில் கணக்கு இல்லை. அப்புறம் அவளுடைய பள்ளித் தோழியிடம் தேடச் சொன்னோம்:

```
from:...@gmail.com before:2012/01/01
```

கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் வலப்பக்கம் மேலே எத்தனை மின்னஞ்சல் என்ற எண்ணிக்கை இருக்கும். அதன்மேல் சொடுக்கினால் `Oldest` என்று வரும்; அதைத் தட்டினால் கடைசிப் பக்கம் வரும், அதன் அடியில் மிகப் பழையது இருக்கும். தோழியிடம் இருந்த முதல் மின்னஞ்சல் 2011 ஆகஸ்ட் 14 தேதியிட்டது. ஆகஸ்ட்டுக்குப் பின் இல்லை என்று ஆயிற்று. ஜூன் பிற்பகுதி, ஜூலை, ஆகஸ்ட் முற்பகுதி என்ற மூன்றில் எது? விடுதியில் சேர்ந்த வாரத்தில் கணினி ஆய்வகத்தில் எல்லோரும் சேர்ந்து மின்னஞ்சல் தொடங்கியது அவளுக்கு நினைவு வந்தது. விடுதிக் கட்டண ரசீதில் ஜூலை என்று இருந்தது. ஜூலை 2011 என்று போட்டாள்.

தோழிகள் கைகொடுக்காவிட்டால் வேறு தடயங்கள் உண்டு. அந்த மின்னஞ்சலை வைத்துத் தொடங்கிய ஃபேஸ்புக் கணக்கு திறந்திருந்தால், சேர்ந்த மாதம் அதில் தெரியும். மின்னஞ்சல் அதே நாளிலோ அதற்கு முன்போ வந்திருக்க வேண்டும். முதல் ஆண்ட்ராய்டு செல்பேசி வாங்கிய அன்று கடையிலேயே ஜிமெயில் தொடங்கியவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு அந்தச் செல்பேசியின் ரசீதுதான் பிறப்புச் சான்றிதழ். தொடங்கும்போது மாற்று மின்னஞ்சலாக வேறொன்றைக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டியில் கூகுளிடமிருந்து அன்று வந்த அறிவிப்பு இருக்கலாம். அங்கே உங்கள் முகவரியை அடித்துத் தேடி, கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அனுப்பிய பிறகு

மைக்ரோசாப்டிலிருந்து வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் பதில் வரும். மாற்று மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். மறுப்பு வந்தால் ஒரே நாளில் இரண்டு முறை வரைதான் மறுபடி அனுப்பலாம். ஆனால் அதே பதில்களை உடனே திரும்ப அனுப்பி அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். புதிதாக ஒரு முகவரியாவது, ஒரு தலைப்பாவது, ஒரு பழைய பாஸ்வேர்டாவது கிடைத்த பிறகு அனுப்புங்கள். அப்போதும் புதியதை மட்டும் எழுதாமல் முன்பு எழுதிய சரியான பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் படிவமாகவே எழுதுங்கள். இதற்காகவே நாங்கள் எல்லாப் பதில்களையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகுதான் படிவத்தைத் திறந்தோம்.

ஜிமெயிலில் விரைவாகப் பல முறை முயன்றால் கொஞ்ச நேரம் பூட்டிவிடுவார்கள். சில சமயம் பதில்கள் சரியாக இருந்தாலும் மீட்பு இணைப்பை உடனே தராமல் சில மணி நேரமோ சில நாட்களோ தாமதிப்பார்கள். திருடன் முயன்றால் உரியவருக்குத் தெரியட்டும் என்பதற்காக வைத்த இடைவெளி அது. அந்த நேரத்தில் மறுபடி மறுபடி முயலாமல் பொறுத்திருங்கள்.

எவ்வளவு தேடியும் கிடைக்காத கணக்குகளும் உண்டு. யாருக்குமே மின்னஞ்சல் அனுப்பாமல், செயலிகளில் பதிவு செய்ய மட்டும் வைத்திருந்த கணக்கு, பழைய கருவியும் கையில் இல்லை, பாஸ்வேர்டும் எங்கும் இல்லை என்றால், ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே மிஞ்சுவதில்லை. அப்படியானால் அந்த முகவரியை வைத்துப் பதிவு செய்த வங்கி, வரி, காப்பீட்டுக் கணக்குகளில் உடனே புதிய மின்னஞ்சலை மாற்றுவதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

மாமாவுக்கு இரண்டாம் முறை அனுப்பிய மறுநாள் காலை என் மின்னஞ்சலுக்குப் புதிய பாஸ்வேர்டு வைப்பதற்கான வழி வந்தது. செல்பேசியில் அவரை அழைத்துச் சொன்னதும் முதலில் அவர் கேட்டது பேரனின் பொங்கல் படங்கள் இருக்கின்றனவா என்றுதான். இருந்தன.

உள்ளே போனதும் அன்றே மூன்று வேலை செய்தோம். போன சிம்மின் எண்ணை நீக்கி, இப்போதைய எண்ணையும் என் மின்னஞ்சலையும் மீட்புக்குச் சேர்த்தோம். பாதுகாப்பு அமைப்புகளில் 25 எழுத்து மீட்புக் குறியீடு ஒன்றை உருவாக்கி, அச்சிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்தோம். உங்கள் கணக்கு திருடப்பட்டு மீண்டதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: அமைப்புகளில் `Forwarding`, `Rules` என்ற இரண்டு இடங்களில் உங்கள் மின்னஞ்சல்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்களா என்று. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தத் திருப்பல் தானாக நிற்காது, நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

கடைசியாக மாமா தன் டைரியின் முதல் பக்கத்தில், கணக்கில் பதிவான பெயர் எந்த வரிசையில் இருக்கிறது, எந்தப் பிறந்த தேதி போட்டிருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வைத்துக்கொண்டார்.